"இங்கே சாதி பேச வேண்டாம்" என்ற விதி யாருடைய வாயை மூடுகிறது?

கோயில் திருவிழாக்களை நேரலையாகக் காட்டும் யூடியூப் சேனல்கள் பலவற்றில் ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள்: "சாதி, அரசியல் பேச வேண்டாம். பக்தர்கள் மனம் புண்படும்படி எழுத வேண்டாம்." படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு பொறுப்பான பையன் எழுதியது போலவும் இருக்கும். பல இடங்களில் அப்படி ஒரு பையன்தான் எழுதியிருப்பான். ஆனால் அந்தச் சேனலில் சாதியைப் பாதுகாப்பதே இந்த வரிதான் என்கிறேன். வசவையும் வெறுப்பையும் அகற்ற விதி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதை வசவு என்று அந்த விதி வரையறுக்கிறது, அதை யார் கையில் கொடுக்கிறது என்பதுதான் சண்டை.

என் முனைவர் பட்ட ஆய்வு சமூக ஊடகத் தமிழில் சாதி எப்படிப் பேசப்படுகிறது என்பதைப் பற்றியது. அதைத் தெரிந்துவைத்திருந்த கல்லூரி ஜூனியர் ஒருவர் போன வருடம் என்னை அழைத்தார். வட மாவட்டம் ஒன்றில் அவருடைய ஊர் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவை அவரும் இரண்டு நண்பர்களும் சேனலில் போடுகிறார்கள். "அக்கா, கமெண்ட் எல்லாம் ஒரே அசிங்கமா இருக்கு. ரூல்ஸ் எழுதித் தாங்க" என்றார். ஒரு வாரம் அவர்களுடைய யூடியூப் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வெளியில் தெரிந்த கமெண்டுகளையும், தெரியாமல் உள்ளே நிறுத்தப்பட்டிருந்தவற்றையும் படித்தேன்.

இதைக் கேட்டதும் சில தோழர்கள் சிரித்தார்கள். கோயில் சேனலுக்கு வேலை பார்க்க நமக்கென்ன தலையெழுத்து, மாரியம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் ஒருவர். அந்த நேரலையைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் காலனிக்காரர்கள். துபாயிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய், ஊர்த் திருவிழாவைப் போனில் பார்ப்பவர்கள். அவர்கள் சாமி கும்பிட வேண்டுமா என்று அவர்களுடன் நான் தனியாக விவாதித்துக்கொள்வேன். பொது வழிபாட்டு இடத்தில் தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் தடுப்பது 1955 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோயில் வாசலில் நின்று சண்டை போடும் நாம், அந்த வாசல் திரைக்கு வந்துவிட்டதும் நாத்திகத்தைக் காரணம் காட்டி விலகிக்கொள்ள முடியாது.

நான் அங்கே பார்த்ததில் இரண்டு கமெண்டுகளை மட்டும் முதலில் சொல்கிறேன்.

முதலாவது, தேர் நேரலை வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியது. "ஊர்த்தெரு எல்லாம் தேர் போகுது. காலனி முக்கு வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்புது?" இரண்டாவது, பறையடித்த குழுவின் காட்சிக்குக் கீழே ஒருவர் எழுதியது. "கோட்டால படிச்சு கூலிங் கிளாஸ் போட்டா பெரிய ஆளா, அடிக்கிற வேலைய மட்டும் பாரு."

இரண்டாவது கமெண்ட் பதினோரு நாட்கள் வெளியே கிடந்தது. முதலாவதை ஊரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

தொழில்நுட்பம் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. யூடியூபில் `Blocked words` என்று ஒரு பட்டியல் உண்டு. சேனல்காரர் அதில் போட்டுவைக்கும் சொற்களோடு ஒத்துப்போகும் கமெண்டுகள் வெளியே வராமல் பரிசீலனைக்காக உள்ளே நிறுத்தப்படும். லைவ் சாட்டாக இருந்தால் அப்படியே தடுக்கப்படும். அந்தப் பட்டியலில் தம்பி போட்டிருந்த சொற்கள் சாதி, காலனி, சேரி, எஸ்சி, தலித், பிறகு சில சாதிப் பெயர்கள். "பிரச்சினை வராம இருக்கட்டும்னுதான் அக்கா போட்டேன்" என்றார். பொய் சொல்லவில்லை. ஆனால் பட்டியலைப் பாருங்கள். அவமதிக்கப்படுகிறவர் தன் நிலையைச் சொல்லத் தேவைப்படும் சொற்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. காலனி என்ற சொல் இல்லாமல் அந்தப் பெண் தன் கேள்வியை எப்படிக் கேட்பார்? அவமதிக்கிறவருக்கோ அந்தச் சொற்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கோட்டா, கூலிங் கிளாஸ், அடிக்கிற வேலை ஆகிய மூன்றிலும் சாதிப் பெயர் கிடையாது. 2012 இல் தர்மபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட நாட்களில் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் 'நாடகக் காதலும்' மேடைகளில் என்ன பொருளில் பேசப்பட்டன என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கலிபோர்னியாவில் எழுதப்பட்ட வடிகட்டிக்கு அது தெரியாது. யூடியூபின் வெறுப்புப் பேச்சுக் கொள்கையில் சாதி என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. அதனால் சாதியின் பெயரால் இழிவுபடுத்துவது அங்கேயும் விதிமீறல்தான். ஆனால் 'கூலிங் கிளாஸ்' சாதி பேசும் சொல் என்று அடையாளம் காண ஊரை அறிந்த ஒரு மனிதர் வேண்டும்.

சொற்பட்டியலை நம்புகிறவர்களுக்குத் தமிழே எதிரி. ஒரு வசவை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதலாம். நடுவில் ஒரு புள்ளியோ இடைவெளியோ விடலாம். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் வடிவமே மாறிவிடும். வசைபாடுகிறவர்கள் இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். 'பறை' என்று எழுதி வைத்தீர்கள் என்றால் முதலில் மாட்டுவது, பறையிசை அருமை என்று பாராட்டியவரும், தன் சாதிப் பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னவரும், தன்னை ஒருவர் திட்டிய சொல்லை அப்படியே மேற்கோள் காட்டிப் புகார் சொன்னவரும்தான். சொல் ஒன்றே. பேசுகிறவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், எந்தக் காட்சிக்குக் கீழே பேசுகிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பட்டியலுக்கு இந்த மூன்றும் தெரியாது.

அப்படியானால் எதை அளவுகோலாக வைப்பது? தம்பியுடன் பேசிப் பேசி நாங்கள் வந்து சேர்ந்தது இதுதான். ஒரு கமெண்ட் ஒரு நடைமுறையைப் பற்றிப் பேசுகிறதா, ஒருவருடைய பிறப்பைப் பற்றிப் பேசுகிறதா என்று பார். தேர் ஏன் திரும்புகிறது, வரி ஏன் எங்களிடம் வாங்குவதில்லை, கணக்கை ஏன் காட்டவில்லை, சாமியே இல்லை, இதெல்லாம் வீண் செலவு என்பவை நடைமுறையையும் நம்பிக்கையையும் பற்றியவை. எவ்வளவு காரமாக இருந்தாலும் நிற்க வேண்டும். 'உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான்', 'உன் வேலைய பாரு', 'உன் பொறப்பு' என்று போகிறவை பிறப்பைப் பற்றியவை. எவ்வளவு மரியாதையான தமிழில் எழுதியிருந்தாலும் போக வேண்டும். பன்மையில், மரியாதை விகுதி போட்டு, திருக்குறள் அறிமுகத்தோடு எழுதப்பட்ட சாதி வெறியை நான் நிறையப் படித்திருக்கிறேன். மொழி நாகரிகத்தை அளவுகோலாக வைத்தால் படித்த வெறுப்பு பாஸ் ஆகிவிடும். படிக்காதவரின் கோபம் ஃபெயில் ஆகிவிடும்.

'மனம் புண்படும்' என்ற சொற்றொடரைத் தூக்கச் சொன்னதும் விழாக் குழுப் பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அம்மனைத் திட்டினா விட்டுடுவீங்களாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சேனலுக்கு நம் பக்கத்துப் பையன்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலரும் வந்திருந்தார்கள். ஒருவர் "இது கல்லு, உங்க காசுல பாதி பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் தீ மிதித்த பெண்களின் உடலைப் பற்றி எழுதியிருந்தார், அதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். முதலாமவர் நிற்கட்டும், இரண்டாமவர் போகட்டும் என்றேன். இரண்டாமவரின் முகப்புப் படத்தில் அம்பேத்கர் இருந்தார். அந்தப் படம் அவருக்கு எந்தச் சலுகையும் தராது. தீ மிதித்த அந்தப் பெண்களில் காலனிப் பெண்களும் இருந்தார்கள் என்பதைக்கூட அவர் யோசிக்கவில்லை. நம் ஆள் என்பதற்காக இதை விட்டுக்கொடுத்தால், அடுத்த நாள் கூலிங் கிளாஸ் கமெண்டை நீக்கச் சொல்ல நமக்கு வாய் இருக்காது.

புண்படுதல் சட்டத்திலும்கூட அவ்வளவு எளிதான அளவுகோல் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 299, மத உணர்வைக் காயப்படுத்தும் உள்நோக்கமும் தீய எண்ணமும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒருவருக்கு வலித்தது என்பது மட்டும் போதாது. சேனலின் விதியோ வலித்ததையே குற்றமாக்குகிறது. யாருக்கு வலித்தது என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். நான் படித்த கமெண்டுகளிலேயே விழாக் குழுவின் மனத்தை அதிகம் புண்படுத்தியது அந்தத் தேர்க் கேள்விதான். பெரியவரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஸ்பேம் விஷயத்தில் இவ்வளவு தகராறு இல்லை. வசியம், மாந்திரீகம், உடனடிக் கடன் என்று வாட்ஸ்அப் எண்ணோடு வருபவை ஒரு வகை. சேனலின் பெயரையும் படத்தையும் அப்படியே போட்டுக்கொண்டு, பக்தர்களின் கமெண்டுக்குக் கீழே போய் "அன்னதானத்துக்கு இந்த ஜிபே நம்பருக்கு அனுப்புங்க" என்று எழுதுபவை அதைவிட மோசமான இன்னொரு வகை. வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். இதற்கு ஒரே வரி போதும்: கமெண்டில் போன் நம்பர், லிங்க், பணம் கேட்பது எதற்கும் இடமில்லை, நன்கொடை விவரம் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரத்தில் மட்டுமே இருக்கும். லிங்க் உள்ள கமெண்டுகளை நிறுத்திவைக்க யூடியூபிலேயே வசதி இருக்கிறது. சிரிப்பான சிக்கல் ஒன்றும் வந்தது. "ஓம் சக்தி பராசக்தி" என்று ஒரே ஆள் ஐம்பது தடவை எழுதுவது ஸ்பேமா, பக்தியா? தம்பியின் நண்பர் நீக்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். லைவ் சாட்டில் ஒருவர் அடுத்தடுத்து எழுதும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதைப் போட்டால் அந்த அம்மாவும் ஜபிக்கலாம், மற்றவர்களும் பேசலாம்.

இனிதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். தேர்க் கேள்வி ஏன் போனது என்று கேட்டபோது தம்பி சொன்ன பதில்: "நாங்க டெலிட்டே பண்ணலையே அக்கா." உண்மைதான். அது `Held for review` என்ற பெட்டியில் கிடந்தது. அந்தப் பெட்டியில் ஒரு கமெண்ட் 60 நாட்கள் வரைதான் இருக்கும். யாரும் திறந்து பார்த்து வெளியே விடவில்லை என்றால் அது தானாகவே போய்விடும். நீக்கியவர் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார், காரணமும் இருக்காது. எழுதியவருக்கு எந்தத் தகவலும் வராது. தாசில்தார் அலுவலகத்தில் பட்டா கேட்டு மனு கொடுத்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த ஏற்பாடு. மனுவைக் கிழித்துப் போட மாட்டார்கள், கட்டில் வைப்பார்கள்.

`Hide user from channel` என்ற பொத்தானும் இதற்குத் தங்கைதான். அதை அழுத்தினால் அந்த ஆள் எழுதுவது இனிமேல் மற்றவர்கள் கண்ணில் படாது, அவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் எழுதிக்கொண்டே இருப்பார், யாரும் பதில் சொல்வதில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வார். வசியக்காரர்களுக்கு இது பொருத்தமான தண்டனை. அவரிடம் சொன்னால் வேறு கணக்கில் வருவார். ஆனால் கேள்வி கேட்டவரை இப்படி மறைப்பது, ஊர்க் கூட்டத்தில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு அவர் பேசும்போது மட்டும் எல்லோரும் காதை மூடிக்கொள்வது போன்றது. அந்தச் சேனலில் மறைக்கப்பட்டோர் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பேர் ஸ்பேம்காரர்கள். மூன்று பேர் காலனிப் பையன்கள். என்ன எழுதினார்கள் என்று தம்பிக்கே நினைவில்லை.

எனவே நியாயமான விதியில் பாதி எதை நீக்குவோம் என்பது, மறுபாதி எப்படி நீக்குவோம் என்பது. சேனல்கள் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. பார்வையாளர் முதன்முதலில் கமெண்ட் எழுதும்போது கண்ணில் படும்படி மூன்று விதிகள் வரை வைக்க யூடியூப் இடம் தருகிறது. மூன்றே போதும் என்று இப்படி எழுதினோம். ஒன்று: ஒருவரின் பிறப்பு, பாலினம், உடல், மதம் ஆகியவற்றை வைத்து இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் நீக்கப்படும், கோயில் நடைமுறையைக் கேள்வி கேட்பதும் நம்பிக்கையை மறுப்பதும் நீக்கப்படாது. இரண்டு: போன் நம்பர், லிங்க், பணம் கேட்பது நீக்கப்படும். மூன்று: நிறுத்திவைத்த கமெண்டை இரண்டு நாட்களுக்குள் இருவர் சேர்ந்து முடிவு செய்வோம், முடிவில் குறை இருந்தால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், நீக்கியவர் அல்லாத மூன்றாமவர் பார்ப்பார். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் முதல் கமெண்டாக, எந்த விதியின் கீழ் எத்தனை நீக்கினோம் என்று எழுதிப் பின் செய்து வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். தனித்தனியாகக் காரணம் சொல்ல யூடியூபில் வழி இல்லாததால் இதுதான் மாற்று. அதிக வேலை என்று முனகினார்கள். திருவிழா நாட்களைத் தவிர்த்தால் ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலை.

இதயக் குறியையும் சேர்த்துச் சொல்கிறேன். "ஆண்ட பரம்பரை டா" என்ற கமெண்டுக்குச் சேனலின் பெயரில் சிவப்பு இதயம் கொடுக்கப்பட்டிருந்தது. நீக்காமல் விடுவது ஒரு முடிவு என்றால், இதயம் கொடுப்பது தீர்ப்பு. ஊரின் பொதுப் பெயரில் நடக்கும் சேனல் எந்தச் சாதிப் பெருமைக்கும் இதயம் கொடுக்கக் கூடாது. அதைத் தம்பி அன்றைக்கே எடுத்துவிட்டார்.

வசவை உடனே நீக்கிவிட வேண்டும் என்று துடிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீக்குவதற்கு முன் எடுத்து வையுங்கள். நீங்கள் நீக்கியதும் சாட்சியமும் போய்விடும். கமெண்டின் நேரத்தின் மீது அழுத்தினால் அந்தக் கமெண்டுக்கே உரிய முகவரி கிடைக்கும், அதில் `&lc=` என்ற பகுதி இருக்கும். அந்த முகவரி, எழுதியவரின் சேனல் அடையாள எண், தேதியும் நேரமும் தெரியும் முழுத்திரை ஸ்கிரீன்ஷாட் ஆகிய மூன்றும் வேண்டும். பெயரையும் `@` குறியோடு வரும் கைப்பிடியையும் ஒருவர் மாற்றிக்கொள்ளலாம், `UC` என்று தொடங்கும் அடையாள எண் மாறாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதைப் பற்றிப் பேசுகின்றன. இணையத்தில் பதிவேற்றியதும் பொதுப் பார்வையில் நடந்ததுதான், பாதிக்கப்பட்டவர் அந்த நேரத்தில் நேரில் இருக்க வேண்டியதில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் 2022 இல் சொன்னது. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணமாக இதைக் கொடுக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் வேண்டியிருக்கும். பறைக் குழுப் பையன்கள் புகார் கொடுக்க விரும்பினார்களா என்பது அவர்கள் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பை, நல்லெண்ணத்தில் நீக்கிவிடும் ஒருவர் அவர்களிடமிருந்து பறித்துவிடக் கூடாது. நீக்கும்போது அவர்களிடம் சொல்லி, எடுத்து வைத்ததை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகு கடைசியாக ஒன்று கேட்டேன். சேனலின் மாடரேட்டர்கள் மூவரும் ஊர்த்தெருவைச் சேர்ந்தவர்கள். கூலிங் கிளாஸ் என்றால் என்ன பொருள் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் அது தங்கள் மேல் விழாததால் படித்துவிட்டுக் கடந்து போனார்கள். பதினோரு நாட்கள் கமெண்ட் நின்றதற்கு அதுதான் காரணம். ஆகவே நான்காவது மாடரேட்டர் காலனியிலிருந்து வர வேண்டும், தேர்க் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையே கேட்கலாம் என்றேன். வசவு படிக்கிற வேலையை மட்டும் அவர் தலையில் கட்டிவிடக் கூடாது, நிறுத்திவைத்ததை வெளியே விடும் உரிமையும் அவருக்கு வேண்டும். இருவர் முடிவில் ஒருவர் எப்போதும் அவராக இருக்க வேண்டும்.

விதிகள் மூன்றையும் அவர்கள் போட்டுவிட்டார்கள். சொற்பட்டியலிலிருந்து காலனியும் சேரியும் தலித்தும் எடுக்கப்பட்டன. மறைக்கப்பட்ட மூன்று பையன்களும் திரும்ப வந்தார்கள். தேர்க் கேள்வி வெளியே விடப்பட்டு, அதற்குக் கீழே நாற்பதுக்கும் மேற்பட்ட பதில்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை முதல் விதியின் கீழ் நீக்கியிருக்கிறார்கள். விழாக் குழு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. நான்காவது மாடரேட்டர் பற்றித் தம்பி சொன்னது: "பெரியவங்க கிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா." ஆடி முடிந்து, புரட்டாசியும் முடியப் போகிறது.